பேக்டெஸ்டில் நாலு லட்சம், லைவில் முதல் வாரமே மைனஸ்: ஹாஸ்டல் பையன் கணக்கில் ஓட்டை எங்கே?

வெண்ணாற்றங்கரை | 12 ஜூலை 2025, சனி, காலை 10:20

தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டல். பையன் மூன்றாம் வருடம் முடித்தவன், சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். சம்பா நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த பணத்தில், அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு என்று அப்பா போட்டுவிட்டது 50,000. கட்டணம் கட்ட ஆகஸ்ட் வரை நாள் இருக்கிறது. அதுவரை பணத்தைச் சும்மா வைப்பானேன் என்று இறங்கிவிட்டான்.

அவன் உத்தி இது. நிஃப்டி 200 பட்டியலில், நேற்றைய முடிவு விலையைவிட இன்று 2 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கித் திறக்கிற பங்குகளை எடு. அதில் அதிகமாக இறங்கிய மூன்றைத் திறக்கும் விலையில் வாங்கு. அன்று மாலையே விற்றுவிடு. ஒவ்வொன்றிலும் 50,000க்கு, இன்ட்ராடே மார்ஜினில். பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் ஜனவரி 2021 முதல் மார்ச் 2025 வரை. சுமார் 2,400 டிரேடு. சராசரி ஒரு டிரேடுக்கு 0.42 சதவீதம், அதாவது 210 ரூபாய். செலவுக்கு நாற்பது ரூபாய் கழித்தும் மொத்தம் நாலு லட்சத்துக்கு மேல். வரைபடம் மாடிப்படி மாதிரி ஏறுகிறது.

ஜூலை 7 திங்கள் லைவ். வெள்ளிக்கிழமை மாலை கணக்குப் பார்த்தால் 12 டிரேடு, 928 ரூபாய் நட்டம். பெரிய நட்டம் இல்லை. ஆனால் அந்த வாரத்தையே பேக்டெஸ்டில் ஓட்டினால் 2,200 ரூபாய் லாபம் காட்டுகிறது! அதே பங்கு, அதே நாள். பையன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அவன் அறைத்தோழன் கோப்பு, கான்ட்ராக்ட் நோட்டு எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவைத்தான். உயிர்நாடியான மூன்று வரி:

```python
gap = df["open"] / df["close"].shift(1) - 1
buy = gap <= -0.02
ret = df["close"] / df["open"] - 1
```

எங்கே ஓட்டை? பார்த்துச் சொல்லுங்கள்.

---

டிகிரிகாபி | 12 ஜூலை, காலை 10:41

இதுதான் சார் ஜேன் ஸ்ட்ரீட் வேலை. செபியே போன வாரம் உத்தரவு போட்டு 4,843 கோடி முடக்கியிருக்கே. சின்னப் பசங்க எப்படிப் பிழைக்க முடியும்? நானும் 9:20க்கு ஸ்ட்ராடில் விக்கிறேன், ஸ்டாப் லாஸ் அடிச்சிட்டு திரும்பிப் போகுது. தம்பிக்கு ஸ்ட்ராடில்ல என்ன ஸ்டாப் வெச்சா சரியா வரும்னு யாராவது சொல்லுங்க.

---

கடைமடை | 12 ஜூலை, காலை 11:05

டிகிரி, ஜூலை 3 உத்தரவு முக்கியமாக வங்கி நிஃப்டி ஆப்ஷன் விவகாரம். இங்கே ரொக்கச் சந்தைப் பங்கு. தம்பி ஸ்ட்ராடிலே விற்கவில்லை.

வெண்ணாறு, எனக்கு இது ரெண்டே விஷயம். ஒன்று செலவு. நாற்பது ரூபாயில் முடியாது. ரெண்டு வேகம். ஹாஸ்டல் வைஃபையில் 200 பங்கின் விலையை ஒவ்வொன்றாகக் கேட்டு, அப்புறம் ஆர்டர் போட்டால் அரை நிமிடம் ஓடிப்போகும். மும்பையில் ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்தால் பாதி நட்டம் சரியாகும்.

மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் அன்றைக்கேவா எங்கள் வாய்க்காலுக்கு வந்தது? திறந்த விலையும் வந்து சேர்ந்த விலையும் அப்படித்தான்.

---

வெண்ணாற்றங்கரை | 12 ஜூலை, பகல் 12:30

செலவை கான்ட்ராக்ட் நோட்டிலிருந்தே எடுத்தேன். 50,000க்கு வாங்கி 50,000க்கு விற்றால்: தரகு 0.03 சதவீதம் வீதம் 15 + 15. விற்பனையில் எஸ்.டி.டி. 0.025 சதவீதம், 12.50. என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணம் 2.97. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 1.50. செபி பத்துப் பைசா. தரகுக்கும் கட்டணங்களுக்கும் ஜிஎஸ்டி 5.95. ஆக 53 ரூபாய், 0.106 சதவீதம்.

பையன் "இருபது இருபது" என்று போட்டது தரகின் உச்சவரம்பை. உண்மையில் தரகு அதைவிடக் குறைவு, மற்றதெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஆக வித்தியாசம் டிரேடுக்குப் பதிமூன்று ரூபாய்தான். 210 ரூபாயை அது விழுங்கியிருக்க முடியாது.

வேகம் பற்றி கடைமடை சொன்னதில் விஷயம் இருக்கிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் 9:15க்கு அப்புறம்தான் விலை கேட்டான். 9:15:40 வாக்கில்தான் வாங்கியிருக்கிறான். பேக்டெஸ்ட் நினைத்த விலையைவிட சராசரி 0.50 சதவீதம் கூட. புதன் முதல் ஸ்கிரிப்டை மாற்றி, 9:10க்கே விலைகளை எடுத்துவைத்து, சரியாக 9:15:00க்கு ஆர்டர் அனுப்பினான். இரண்டு விநாடியில் ஃபில். அப்போதும் 0.28 சதவீதம் கூட!

இந்த 0.28 எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

---

பழைய ஜாபர் | 12 ஜூலை, மாலை 4:15

அந்த `open` 9:15க்கு உருவான விலையே இல்லை. அங்கேதான் ஓட்டை.

சந்தை திறக்கும் முன் நடக்கும் ப்ரீ-ஓப்பன் ஏலத்தில் 9 மணி முதல் 9:08 வரை ஆர்டர் வாங்குவார்கள். கடைசி ஒரு நிமிடத்துக்குள் எந்த விநாடியில் மூடும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதற்கப்புறம் 9:12 வரை பொருத்துவார்கள், மூன்று நிமிடம் இடைவேளை, 9:15க்குத் தொடர் சந்தை. அதிக எண்ணிக்கையில் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அதே விலையில் முடிப்பார்கள். எக்ஸ்சேஞ்சு தினமும் வெளியிடும் விலைப் பட்டியலான பவ்காப்பியில் ஓப்பன் என்று வருவது அந்த ஏல விலை. நிறையப் பேர் விற்கிற ஒரு நிமிட டேட்டாவிலும் 9:15 கேண்டிலின் ஓப்பனாக அதையே ஒட்டிவைத்திருப்பார்கள்.

9:15:00க்கு ஆர்டர் அனுப்புகிறவனுக்கு அந்த விலை கிடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஏலம் ஏழு நிமிடம் முன்பே முடிந்துவிட்டது. மும்பையில் சர்வர் வைத்தாலும், எக்ஸ்சேஞ்சு கட்டிடத்துக்குள்ளேயே பெட்டியை வைத்தாலும் முடிந்த ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது.

ராத்திரி கெட்ட செய்தி வந்த பங்கை விற்க நினைப்பவர்கள் காலையில் "எந்த விலைக்கும் விற்றுவிடு" என்று ஏலத்தில் தள்ளுவார்கள். வாங்குபவர்கள் தயங்குவார்கள். அதனால் ஏல விலை கொஞ்சம் தாழ்ந்து விழும். 9:08 முதல் 9:15 வரை அந்த விலை எல்லார் திரையிலும் நிற்கிறது. "இது மலிவு" என்று நினைக்கிற அத்தனை பேரும் 9:15க்குக் கைநீட்டுகிறார்கள். முதல் விநாடியிலேயே விலை மேலே போய்விடும். அந்தத் துள்ளலைத்தான் பேக்டெஸ்ட் லாபம் என்று எண்ணியிருக்கிறது. தம்பி வாங்கியது துள்ளலுக்கு அப்புறம்.

சாயங்காலப் பக்கமும் இதே கதை. பவ்காப்பியின் முடிவு விலை 3:30 மணிக்கு நடந்த கடைசி டிரேடு அல்ல. 3 மணி முதல் 3:30 வரை நடந்த டிரேடுகளின் எடையிட்ட சராசரி. அந்தச் சராசரி விலைக்கு யாராலும் ஒரே ஆர்டரில் விற்க முடியாது. தம்பி எத்தனை மணிக்கு விற்றான்?

---

வெண்ணாற்றங்கரை | 12 ஜூலை, இரவு 8:50

3:15க்கு விற்கிறான், ஜாபர் அண்ணே. அதற்குமேல் வைத்திருந்தால் ப்ரோக்கரே வெட்டிவிடுவார். செவ்வாய் அப்படித்தான் நடந்திருக்கிறது. பகல் முழுக்க யாரும் தொடாததால் ஹாஸ்டல் வைஃபை லாகின் பக்கம் காலாவதியாகி, ஸ்கிரிப்டு 3:15க்கு ஊமையாக நின்றது. ரெண்டு பங்கையும் ப்ரோக்கர் வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாயும் ஜிஎஸ்டியும், ஆக 118.

நீங்கள் சொன்னதை வைத்து வியாழக்கிழமை டிரேடு ஒன்றைப் பிரித்தேன். நடுத்தர வங்கிப் பங்கு. நேற்றைய முடிவு 400.00. ஏல விலை 390.00, இரண்டரை சதவீத இறக்கம். 128 பங்கு. ஆர்டர் 9:15:02க்கு 391.10ல் முடிந்தது. பவ்காப்பி முடிவு விலை 391.60. அவன் 3:15க்கு விற்றது 391.40.

பேக்டெஸ்ட் கண்ணில் பங்குக்கு 1.60 லாபம், மொத்தம் 204 ரூபாய் 80 காசு. கையில் வந்தது பங்குக்கு 30 காசு, மொத்தம் 38.40. அதில் 53 ரூபாய் செலவு போக மைனஸ் 15. பங்கு ஏறியிருக்கிறது, இவன் எண்ணம் சரியாக இருந்திருக்கிறது, பணம் மட்டும் போயிருக்கிறது.

பேக்டெஸ்டிலும் லைவிலும் உள்ள 11 டிரேடுக்கும் இதே கணக்கு. நுழைவில் டிரேடுக்கு 180 ரூபாய், விற்பனையில் 25, செலவு 53. மொத்தத்தில் 2,200 லாபம் இருக்க வேண்டிய இடத்தில் 638 நட்டம்.

---

கடைமடை | 12 ஜூலை, இரவு 9:12

நீங்கள் முதலில் 12 டிரேடு என்றீர்கள். இப்போது 11. நட்டமும் 928 என்று சொன்னீர்கள். 638, ப்ரோக்கர் வெட்டியது 118. மீதி எங்கே?

---

வெண்ணாற்றங்கரை | 12 ஜூலை, இரவு 9:40

பன்னிரண்டாவது டிரேடு பேக்டெஸ்டில் வரவே இல்லை. அதில் 172 போனது. ஏன் வரவில்லை என்று இன்னும் பிடிபடவில்லை. லைவில் அந்தப் பங்கு 2.3 சதவீதம் இறங்கித் திறந்தது நிஜம்.

---

பழைய ஜாபர் | 13 ஜூலை, ஞாயிறு, காலை 7:30

அன்றைக்கு அந்தப் பங்குக்கு டிவிடெண்டு எக்ஸ்-டேட் இருந்ததா என்று பாருங்கள். டிவிடெண்டுத் தொகை அளவுக்கு விலை இறங்கித் திறக்கும் நாள் அது. ஜூன், ஜூலை அதற்கான பருவம்.

---

வெண்ணாற்றங்கரை | 13 ஜூலை, காலை 9:05

அதேதான்! பேக்டெஸ்டுக்கு அவன் எடுத்தது டிவிடெண்டுக்குச் சரிசெய்த டேட்டா. அதில் முந்தைய நாள் விலையே கொஞ்சம் கீழே இறக்கிவைக்கப்பட்டிருக்கிறது, அதனால் இடைவெளியே தெரியவில்லை. லைவில் ப்ரோக்கர் திரையில் வந்த நேற்றைய விலை சரிசெய்யாதது. ஸ்கிரிப்டு "ஆஹா, கேப் டவுன்" என்று வாங்கிவிட்டது. காலையில் வாங்கி மாலையில் விற்றவனுக்கு டிவிடெண்டும் கிடையாது.

---

மாயவரம் டீச்சர் | 13 ஜூலை, காலை 11:20

புள்ளியியல் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

ஒரு வார லாப நட்டத்தை வைத்து "உத்தி செத்துவிட்டது" என்று சொல்லவே முடியாது. அந்தப் பையனின் டிரேடுகள் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன?

---

வெண்ணாற்றங்கரை | 13 ஜூலை, காலை 11:34

திட்ட விலக்கம் 2.2 சதவீதம், டீச்சர்.

---

மாயவரம் டீச்சர் | 13 ஜூலை, பகல் 12:10

அப்படியானால் 11 டிரேடின் சராசரிக்கு வரும் தடுமாற்றம் 2.2ஐ 11ன் வர்க்கமூலத்தால் வகுத்தது, 0.66 சதவீதம். செலவுக்கு முன்னால் பேக்டெஸ்ட் சொன்னது 0.42, லைவில் வந்தது ஏறக்குறைய பூஜ்யம். வித்தியாசம் 0.43தான். ஒரு தடுமாற்ற அளவுகூட இல்லை. அதிர்ஷ்டம் கொஞ்சம் திரும்பியிருந்தால் அவன் அந்த வாரம் மூவாயிரம் லாபம் பார்த்து, "லைவிலும் வேலை செய்கிறது" என்று அடுத்த மாதம் அப்பாவிடம் இன்னும் பணம் கேட்டிருப்பான்.

ஆனால் நுழைவு விலையின் வித்தியாசம் வேறு ஜாதி. அதில் சந்தை ஏறியதும் இறங்கியதும் கலப்பதில்லை. அதே பங்கு, அதே காலை, ஏல விலைக்கும் ஃபில் விலைக்கும் உள்ள தூரம் மட்டும். அந்த 11 எண்களையும் தர முடியுமா?

---

வெண்ணாற்றங்கரை | 13 ஜூலை, பகல் 12:45

மிகக் குறைந்தது 0.10, மிக அதிகம் 0.71. சராசரி 0.36. சிதறல் 0.2 வாக்கில். பதினொன்றும் அவனுக்குப் பாதகமாகவே.

---

மாயவரம் டீச்சர் | 13 ஜூலை, பிற்பகல் 2:30

அப்போது தடுமாற்றம் 0.06. சராசரி அதைப்போல ஆறு மடங்கு. பதினொன்றும் பாதகமான பக்கமே விழுவது, நாணயம் சுண்டினால் 2,048ல் ஒரு தடவை. லாப நட்டம் சொல்ல முடியாததை ஃபில் விலை ஒரே வாரத்தில் சொல்லிவிட்டது.

இன்னொன்று. 2,400 டிரேடுக்கு 2.2 சிதறலும் 0.42 சராசரியும் என்றால், சராசரி தடுமாற்றத்தைப்போல எத்தனை மடங்கு என்கிற டி-மதிப்பு ஒன்பதுக்கு மேல். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்கிற தினசரி விலைப் பட்டியலில், மூன்று வரிக் கோடில், ஒன்பதா? அதைப் பார்த்ததுமே அவன் லைவுக்குப் போகாமல் கோடைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜாபர் சார் சொன்னது உண்மையில் நடக்கிற துள்ளல். அது இல்லாமலே இந்தக் கோடு லாபம் காட்டும். முதல் வரியில் ஓப்பன் இருக்கிறது, மூன்றாவது வரியிலும் அதே ஓப்பன். ஏல விலை உண்மை மதிப்பிலிருந்து ஏதோ ஒரு பிழையோடு விழுகிறது என்று வையுங்கள். பிழை கீழ்ப்பக்கம் விழுந்த நாட்களில் பங்கு "அதிகம் இறங்கியது" என்று பட்டியலில் ஏறும். அதே பிழை "மலிவாக வாங்கினோம்" என்று லாபத்திலும் ஏறும்.

எண் போட்டுப் பாருங்கள். இரவு முழுக்க வந்த நிஜமான விலை மாற்றத்தின் சிதறல் 1.5 சதவீதம், ஏலப் பிழையின் சிதறல் 0.5 சதவீதம். வர்க்கம் எடுத்தால் 2.25, 0.25. மொத்தம் 2.5ல் பத்தில் ஒரு பங்கு பிழையின் பங்கு. அப்போது 3 சதவீதம் இறங்கித் திறந்த பங்கில் சராசரியாக 0.3 சதவீதம் வெறும் பிழை. அது தானாகத் திரும்பிவிடும். சந்தையில் ஒரு சூட்சுமமும் தேவையில்லை.

இது சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. உத்தியைத் தலைகீழாக்கி, 2 சதவீதம் ஏறித் திறந்ததை ஓப்பனில் விற்று மாலையில் வாங்குவதாக ஓட்டுங்கள். பயத்தில் விற்பவர்கள்தான் காரணம் என்றால் அங்கே லாபம் வரக்கூடாது. அளவுப் பிழை என்றால் அங்கேயும் வரும்.

---

டிகிரிகாபி | 13 ஜூலை, பிற்பகல் 2:52

டீச்சர், ஸ்ட்ராடில்ல இந்தப் பிழை வருமா? நான் 9:20க்குத்தானே போறேன், ஏலம் எல்லாம் முடிஞ்சிருக்குமே?

---

பழைய ஜாபர் | 13 ஜூலை, பிற்பகல் 3:10

வராது டிகிரி. உங்கள் நோய் வேறு. தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

---

வெண்ணாற்றங்கரை | 14 ஜூலை, திங்கள், இரவு 10:30

டீச்சர் சொன்னபடி தலைகீழாக ஓட்டினேன். ஏறித் திறந்ததை விற்றால் டிரேடுக்கு 0.35 சதவீதம் "லாபம்". பயத்தில் விற்பவர்கள் கதை மட்டும் போதவில்லை. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

அடுத்து ஒரு நிமிட டேட்டா. ஜனவரி 2023க்கு அப்புறம்தான் கிடைத்தது. முடிவெடுக்க ஓப்பன், வாங்குவதற்கு வேறு விலை, விற்க 3:15:

```python
ret = df["p1515"] / df["p0916"] - 1
```

`p0916` என்பது 9:16 கேண்டிலின் ஓப்பன். இதே காலத்துக்குப் பழைய முறையில் 0.40. 9:16க்கு வாங்கினால் 0.10. 9:20க்கு வாங்கினால் 0.07. செலவு 0.106. வரைபடம் படுத்துவிட்டது.

பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அப்ப 0.10 நிஜம்தானே அண்ணா, தரகு இல்லாத ப்ரோக்கர் கிடைச்சா?" என்றான். விடமாட்டான் போலிருக்கிறது.

---

கடைமடை | 14 ஜூலை, இரவு 11:02

அவன் கேட்டதில் தப்பில்லையே. தரகும் அதன் ஜிஎஸ்டியும் போனால் 35 ரூபாய் மிச்சம். செலவு 18 ரூபாய்க்கு வந்துவிடும். 0.10 என்றால் 50 ரூபாய். டிரேடுக்கு முப்பது ரூபாய் நிற்கும்.

---

பழைய ஜாபர் | 15 ஜூலை, செவ்வாய், காலை 6:50

கடைமடை, 9:16 கேண்டிலின் ஓப்பனும் அந்த நிமிடத்தில் யாரோ ஒருவர் செய்த முதல் டிரேடுதான். வாங்குகிறவன் விற்பவன் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டும். காலை முதல் சில நிமிடத்தில் நடுத்தரப் பங்குகளில் ரெண்டு விலைக்கும் நடுவே உள்ள தூரம் பகலைவிட அகலம். அந்த முப்பது ரூபாய் அதிலேயே போய்விடும்.

பட்டியலையும் பாருங்கள். 2021 முதல் ஓட்டியது இன்றைய நிஃப்டி 200 பட்டியலை வைத்துத்தானே? அந்தப் பட்டியலை வருடம் ரெண்டு தடவை மாற்றுகிறார்கள். இறங்கித் திறந்து, இறங்கிக்கொண்டே போய், மதிப்பு சுருங்கி வெளியேறிய பங்குகள் இன்றைய பட்டியலில் இல்லை. அன்றைக்குச் சிறிதாக இருந்து ஏறி உள்ளே வந்தவை இருக்கின்றன. இறங்கியதை வாங்குகிற உத்திக்கு இதைவிடச் சாதகமான பட்டியல் கிடைக்காது. அந்த 0.10ல் எவ்வளவு இதனால் வந்தது என்பதை, அந்தந்தத் தேதியின் பட்டியலை எக்ஸ்சேஞ்சின் பழைய அறிவிப்புகளிலிருந்து சேர்த்து ஓட்டினால்தான் தெரியும்.

---

வெண்ணாற்றங்கரை | 15 ஜூலை, இரவு 9:15

பட்டியலைச் சேர்க்கும் வேலையைப் பையனிடமே கொடுத்திருக்கிறேன். அதுவரை லைவ் நிறுத்தம். மீதி 49,072 ரூபாய் கணக்கிலிருந்து வங்கிக்குத் திரும்பிவிட்டது. கட்டணத்தில் குறைகிற 928ஐ அறைத்தோழன் போடுகிறானாம்.

ஆனால் அவன் இன்னொன்று கேட்கிறான், எனக்கு பதில் தெரியவில்லை. "9:15க்கு ஏல விலை கிடைக்காதுன்னா, ஏலத்துக்குள்ளேயே போயிட்டா?"

---

பழைய ஜாபர் | 16 ஜூலை, புதன், காலை 7:10

கெட்டிக்காரன். போகலாம். நேற்றைய முடிவு 400 என்றால் 9:08க்கு முன்னால் 392க்கு லிமிட் ஆர்டர் வைக்கட்டும். ஏலம் 390ல் முடிந்தால் 392க்கு வைத்தவனுக்கும் 390லேயே கிடைக்கும். 395ல் முடிந்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொடர் சந்தைக்குப் போய்விடும், 9:15க்குச் சந்தை திறந்ததுமே ரத்து செய்ய வேண்டும். மறந்தால், விலை பின்னால் இறங்கி வரும்போது 392ல் மாட்டும், அது அவன் உத்தியே இல்லை.

சிக்கல் ரெண்டு. எது அதிகம் இறங்கிய மூன்று என்பது ஏலம் முடிந்தபின்தான் தெரியும். முன்னாலேயே 200 பங்குக்கும் ஆர்டர் வைக்கப் பணம் போதாது. ஐந்து மடங்கு மார்ஜினில், டிரேடு 50,000 என்றால் ஒவ்வொன்றும் 10,000 பிடிக்கும், ஐந்து ஆர்டரோடு சரி. டிரேடைப் பத்தாயிரமாகக் குறைத்தால் 25 ஆர்டர். ப்ரோக்கர் ப்ரீ-ஓப்பனில் இன்ட்ராடே வகையை ஏற்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

---

கடைமடை | 16 ஜூலை, காலை 8:25

9:06க்குத் திரையில் தெரிகிற உத்தேச விலையைப் பார்த்து, அதில் தாழ்ந்த 25ஐ மட்டும் எடுத்தால் போதாதா?

---

பழைய ஜாபர் | 16 ஜூலை, காலை 8:40

போதலாம். ஆனால் 9:06ல் தெரிவது வாக்குறுதிதான். மூடும் வரை எவனும் ஆர்டரை மாற்றலாம், ரத்து செய்யலாம். 9:06ல் மூன்று சதவீதம் இறங்கித் தெரிந்தது 9:08ல் அரை சதவீதமாக முடியும். அதனால் நட்டமில்லை, லிமிட் காப்பாற்றும். கையில் கிடைக்கிற டிரேடு எண்ணிக்கை மட்டும் குறையும்.

---

மாயவரம் டீச்சர் | 16 ஜூலை, மாலை 6:15

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, ஜாபர் சார். சந்தை மொத்தமாகச் சரிந்து திறக்கிற காலையில் 25 ஆர்டரும் நிறைவேறிவிடும். அது 25 தனித்தனி டிரேடு இல்லை, ஒரே பந்தயம் 25 துண்டாக. சாதாரண நாளில் ரெண்டோ மூன்றோ நிறைவேறும், அவை நல்லதாகவே இருக்கலாம். பேக்டெஸ்ட் தினம் மூன்று மட்டும் எடுத்ததால் அந்தச் சரிவு நாட்களின் எடை அதில் தெரியவே தெரியாது. சராசரி 0.3 இருந்தாலும் சிதறல் என்னவாகும் என்று அந்தப் பழைய கோட்டிலிருந்து ஊகிக்க முடியாது.

---

பழைய ஜாபர் | 16 ஜூலை, இரவு 8:05

நிறைவேறும் ஆர்டரின் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கு எல்லாவற்றையும் 9:15க்கே வெட்டிவிடச் சொல்லலாமே. துள்ளல் இருந்தால் அதுவே லாபம்.

---

மாயவரம் டீச்சர் | 16 ஜூலை, இரவு 8:31

சரிவு நாளில் துள்ளல் இருக்கும் என்று எந்த டேட்டாவில் பார்த்தீர்கள்? இழையில் யாரும் இன்னும் அதைத் தனியாகப் பிரித்து ஓட்டவில்லை.

---

வெண்ணாற்றங்கரை | 18 ஜூலை, வெள்ளி, இரவு 10:10

ப்ரோக்கரிடம் கேட்டாயிற்று, ப்ரீ-ஓப்பனில் இன்ட்ராடே ஆர்டர் ஏற்கிறார்களாம். ஆனால் கல்லூரியில் முதல் வகுப்பு ஒன்பதுக்கே தொடங்கிவிடுகிறது. 9:06க்குப் பார்த்து ஆர்டர் வைப்பது என்றால் ஸ்கிரிப்டுதான் செய்ய வேண்டும், ரத்து செய்வதையும் அதுவே. செபியின் பிப்ரவரி சுற்றறிக்கைப்படி ஏபிஐ வழி ஆர்டருக்கு நிலையான ஐபி வேண்டும் என்பது ஹாஸ்டல் வைஃபையில் நடக்காது என்றும் சொன்னேன்.

ஆர்டர் இல்லாமல் வெறும் பதிவு மட்டும் எடுக்க ஒத்துக்கொண்டான். திங்கள் முதல், தாழ்ந்த 25 பங்குக்கும் 9:06ன் உத்தேச விலை, ஏல விலை, 9:15:02ல் விற்பவர் கேட்கும் விலை, 9:20, 3:15. கூடவே அன்று மொத்தம் எத்தனை பங்கு 2 சதவீதத்துக்குக் கீழே திறந்தது என்று ஒரு பத்தி, டீச்சர் கேட்ட கேள்விக்காக. எக்ஸ்-டேட் உள்ளதைத் தனியாகக் குறிப்பான்.

டீச்சர், சரிவு நாளைப் பிரிக்க எத்தனை பங்கு என்ற எல்லை வைக்கட்டும்? ஐந்தா, பத்தா?

---

மாயவரம் டீச்சர் | 19 ஜூலை, சனி, காலை 7:45

இப்போதே எல்லை வைக்க வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுதட்டும். முதலில் எல்லையை முடிவுசெய்தால் லாபம் வருகிற எல்லையாகப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பான்.

---

கடைமடை | 19 ஜூலை, காலை 8:20

நான் இதற்கு நேர்மாறு. முன்னாலேயே ஒரு எண்ணை எழுதி உறையில் போட்டு அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாதல்லவா? ஏழு என்று வைக்கட்டும்.